‘புளிக்காது’ என்ற ஒரு சொல்லுக்காக: 30 விநாடி விளம்பரத்தை 15 ஆக்குவது

தொலைக்காட்சியில் விளம்பர நேரத்தை 10 விநாடிக்கு இவ்வளவு என்று விலை பேசித்தான் விற்கிறார்கள். 30 விநாடிப் படம் ஒருமுறை ஓடும் செலவில் 15 விநாடிப் படம் இரண்டு முறை ஓடும். அதனால் பெரும்பாலான விளம்பரங்கள் முதல் சில வாரங்கள் முழு நீளத்தில் ஓடிவிட்டு, பிறகு பாதி நீளத்துக்கு மாறிவிடுகின்றன. யூடியூபில் தாண்ட முடியாத விளம்பரமாகப் போடுவதற்கும் 15 விநாடிதான் பல காலமாக வழக்கமான அளவு. ஆகவே ‘பதினஞ்சு வெட்டணும்’ என்ற பேச்சு எடிட் அறைக்கு எப்படியும் வந்து சேரும். அப்போது கைக்குப் பழகிய வேலை, இருக்கும் ஷாட்டுகள் ஒவ்வொன்றையும் பாதியாக நறுக்குவது. அப்படிச் செய்த படம் ஏன் தோற்கிறது, அதற்குப் பதில் என்ன செய்யவேண்டும் என்பதை ஓர் உதாரணத்தை எடுத்து ஃபிரேம் கணக்கு வரைக்கும் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஓர் இட்லி மாவு பாக்கெட்டை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் பெட்டிக்கடை வரை விற்கும் பொருள். அதை வாங்குகிறவர்களின் பயம் எல்லாருக்கும் தெரிந்ததே: ‘ரெண்டு நாள் தாங்கும், அப்புறம் புளிச்சிடும்.’ நம் விளம்பரம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இந்த மாவு மூன்றாம் நாளும் புளிக்காது. மல்லிகைப்பூ மாதிரி இருக்கும், வீட்டில் அரைத்த மாதிரி இருக்கும், சோடா சேர்க்கவில்லை என்பவையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இந்தப் படத்தின் சரக்கு அவை இல்லை.

30 விநாடிப் படம் இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 4 விநாடி காலை நேரத்து வீடு, வாசலில் கோலம், உள்ளேயிருந்து குக்கர் விசில். அடுத்த 5 விநாடியில் மாமியார் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வீட்டு மாவு டப்பாவை எடுத்து, திறந்து, முகர்ந்து, முகம் சுளித்து, “மூணு நாளாச்சு, புளிச்சிருக்கும்” என்கிறார். பிறகு 4 விநாடி பேரனும் மாமனாரும் சாப்பாட்டு மேசைக்கு வந்து “இன்னிக்கும் உப்புமாவா?” என்று சலித்துக்கொள்கிறார்கள். அடுத்த 4 விநாடியில் மருமகள் அதே பெட்டியிலிருந்து மாவு பாக்கெட்டை எடுத்து சமையல் மேடையில் வைத்து, “இதுவும் மூணு நாளுதான் அத்தை, சாப்பிட்டுப் பாருங்க” என்கிறார். 5 விநாடி மாவு ஊற்றுவது, ஆவி, இட்லி, பின்னணிக் குரல். 4 விநாடியில் மாமனார் சாப்பிட்டு “புளிப்பே இல்லையே!” என்கிறார். கடைசி 4 விநாடி பாக்கெட், பெயர், ஜிங்கிள். கூட்டினால் 30.

இந்தியத் தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம். ஆக, இருப்பது 750, வேண்டியது 375.

ஒவ்வொரு ஷாட்டையும் பாதியாக்கினால் கோலம் 2 விநாடி, மாமியார் இரண்டரை விநாடி, மேசை 2 விநாடி என்று வரும். திரையில் எல்லாமே இருக்கிறது, ஒன்றும் நிற்கவில்லை. மாமியார் டப்பாவை முகர்வது புரியும் முன்பே மேசை வந்துவிடுகிறது. மேசையில் இருப்பவர்கள் யார் யார் என்று கண் தேடிக்கொண்டிருக்கும்போதே பாக்கெட் வருகிறது. ஒரு வெட்டுக்குப் பிறகு புது ஷாட்டில் எங்கே பார்ப்பது என்று கண் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். ஒரே முகம் நிறைந்த குளோஸப்பில் அது உடனே முடிந்துவிடும். நாலு பேர் உள்ள அகலமான ஷாட்டில் ஒரு விநாடிக்கு மேலும் ஆகலாம். பாதியாக வெட்டும்போது அகல ஷாட்டுகளில் மிஞ்சுவது இந்தத் தேடும் நேரம் மட்டும்தான். பார்த்தவரிடம் கேட்டால் “ஏதோ இட்லி மாவு விளம்பரம், குடும்பமா சாப்பிடறாங்க” என்பார். புளிப்பு என்ற பேச்சே வராது.

அதனால் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு வேலை இருக்கிறது. விற்க வேண்டிய எண்ணத்தை அதன் கணுக்களாகப் பிரித்து எழுதவேண்டும். நம் படத்தில் மூன்று கணு. இது மூன்றாம் நாள் மாவு. புளித்திருக்கும் என்று ஒருவர் நம்புகிறார். சாப்பிட்டுப் பார்த்தால் புளிக்கவில்லை. மூன்றில் ஒன்று விடுபட்டாலும் எண்ணம் செத்துவிடும். நாள் கணக்கு விடுபட்டால் புளிக்காததில் அதிசயமே இல்லை, புதுமாவு எதுவும் புளிக்காது. சந்தேகம் விடுபட்டால் அது வெறும் தகவல். சாப்பிடுவது விடுபட்டால் கம்பெனிக்காரர் தன் வாயால் சொல்லிக்கொள்வதாகிவிடும்.

இப்போது 7 துண்டுகளையும் இந்த மூன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலமும் விசிலும் எந்தக் கணுவையும் தாங்கவில்லை, போகலாம். மேசைச் சலிப்பு நல்ல நடிப்பாக இருக்கலாம், படம் பார்த்த எல்லாரும் சிரித்த இடமாகவும் இருக்கலாம். ஆனால் அது சொல்வது ‘உப்புமா அலுத்துவிட்டது’ என்பதை. அது வேறொரு பிரச்சினை. 30 விநாடியில் அதற்கு இடம் இருந்தது, 15-இல் அது புளிப்பின் இடத்தைத் தின்னும். போகவேண்டும். எடிட் அறையில் மிகப் பெரிய சண்டை இந்தத் துண்டுக்குத்தான் நடக்கும். நன்றாக வந்த ஷாட் என்பது வைத்துக்கொள்ள ஒரு காரணமே இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

அடுத்தது மாமியாரின் டப்பா. இங்கேதான் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கவேண்டும். 30 விநாடிப் படத்தில் சந்தேகம் வீட்டு மாவின் மேல் விழுகிறது, பிறகு பாக்கெட் மாவு வந்து அதைவிட நல்லதென்று காட்டுகிறது. இரண்டு மாவு, ஒரு ஒப்பீடு. 15 விநாடியில் இரண்டு மாவுக்கு இடமில்லை. எந்த மாவு வீட்டு மாவு, எந்த மாவு கடை மாவு என்று பிரித்துச் சொல்வதற்கே 3 விநாடி போய்விடும். ஆகவே சந்தேகத்தை நேராக பாக்கெட்டின் மேலேயே திருப்பிவிட வேண்டும்.

அதற்குப் புதிதாகப் படம் எடுக்கவேண்டாம். மருமகள் பாக்கெட்டை எடுத்து மேடையில் வைக்கும் ஷாட்டை முதலில் கொண்டுவந்து, அதன்பின் மாமியாரின் முகத்தை வையுங்கள். அவர் சொல்வது அதே வசனம்தான்: “மூணு நாளாச்சு, புளிச்சிருக்கும்.” முன்னே டப்பாவைப் பற்றிச் சொன்னது இப்போது பாக்கெட்டைப் பற்றியதாகிவிட்டது. ஒரே நிபந்தனை, டப்பா கண்ணில் படக்கூடாது. 4கே அளவில் எடுத்திருந்தால் அகலம் 3840 புள்ளிகள். ஒளிபரப்புக்குத் தேவை 1920. ஆக, தெளிவு கெடாமல் இரண்டு மடங்கு வரை உள்ளே போய் முகத்தை மட்டும் பிடிக்கலாம். டப்பாவைப் பார்க்க அவர் கண் கீழே தாழ்ந்திருக்கும். பாக்கெட் மேடைமேல் இருப்பதால் அந்தப் பார்வையும் பொருந்திவிடும். இதனால்தான் மருமகள் பாக்கெட்டைக் கையில் பிடித்திருக்கும் ஃபிரேமோடு வெட்டாமல், மேடையில் வைத்த பிறகு வெட்டவேண்டும். கையில் இருக்கும்போது வெட்டினால் மாமியாரின் பார்வை பாக்கெட்டுக்குக் கீழே எங்கேயோ போகும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் படும்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. 30 விநாடிப் படத்தில் சந்தேகப்பட்டவர் மாமியார், சாப்பிட்டு ஒப்புக்கொள்பவர் மாமனார். நீளமான படத்தில் அது பரவாயில்லை, குடும்பம் முழுவதையும் ஒரே ஆளாக எடுத்துக்கொள்கிறோம். 15-இல் சந்தேகப்பட்ட முகமே மனம் மாறவேண்டும். ஒரு முகத்தில் தொடங்கி அதே முகத்தில் முடிந்தால் பார்ப்பவர் புதிதாக யாரையும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே முடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராமல், எடுத்த எல்லா டேக்குகளையும் திறக்கவேண்டும். மேசைக் காட்சி எடுத்த அன்று மாமியாரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். கேமரா அவர் பக்கம் திரும்பிய ஒரு டேக்கில் அவர் ஒரு வாய் வைத்து, நிறுத்தி, புருவம் உயர்த்தியிருப்பார். முழுப் படத்தில் பயன்படாத அந்த 2 விநாடிதான் இந்தப் படத்தின் உயிர்நாடி.

அந்த டேக்கில் வசனம் இருக்காது. “புளிக்கவே இல்லையே!” என்று அவரைப் பேசவைக்க வேண்டும், ஆனால் உதடு அசையவில்லை. இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: முகத்தில் மௌனம், அடுத்த ஷாட்டில் குரல். அவர் கை இரண்டாவது இட்லிக்குப் போகும் குளோஸப்பின் மேல் அந்த வசனத்தைத் தனியாகப் பதிவு செய்து வைத்தால் உதட்டசைவுப் பிரச்சினையே இல்லை. கை இரண்டாம் இட்லிக்குப் போவதும் ஒரு சாட்சிதான்.

இனி வசனக் கணக்கு. தமிழ் விளம்பரத்துக்குச் சொற்களை எண்ணிப் பயனில்லை. ‘எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்பதும் ஒரு சொல், ‘வா’ என்பதும் ஒரு சொல். அசைகளை, அதாவது வாய் ஒருமுறை திறந்து மூடும் அளவுகளை எண்ணுங்கள். இதமாகப் பேசும் குரலுக்கு விநாடிக்கு 5 என்று போட்டுக்கொண்டால் ஏமாற்றம் வராது. 6 வரை இழுக்கலாம், அதற்கு மேல் போனால் படிக்கிற குரலாகிவிடும். மாமியாரின் “மூணு நாளாச்சு, புளிச்சிருக்கும்” 10 அசை. மருமகளின் “சாப்பிட்டுப் பாருங்க அத்தை” 8. “புளிக்கவே இல்லையே” 7. பின்னணிக் குரலின் “மூணாம் நாளும் புளிக்காத மாவு” 10. பெயருக்கு ஒரு 4. மொத்தம் 39 அசை, கிட்டத்தட்ட 8 விநாடிப் பேச்சு. மீதி 7 விநாடி மூச்சுக்கும் ஓசைக்கும் மௌனத்துக்கும். பேச்சு 10 விநாடியைத் தாண்டினால் படம் மூச்சுமுட்டும், இதைத் திரையில் பார்க்காமல் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முழுப் படத்தின் பின்னணிக் குரல் ‘சரியான பக்குவத்தில் அரைத்து, சுத்தமான முறையில் பேக் செய்த’ என்று போகும். அந்த வாக்கியத்தின் ஒலிப்பதிவிலிருந்தே துண்டு எடுத்து ஒட்டிச் சமாளிப்பது பலர் செய்வது. வேண்டாம். நீள வாக்கியத்தின் நடுவில் வரும் சொல் மேல்நோக்கிப் போகும், முடிவில் வரும் சொல் இறங்கும். நடுச்சொல்லை முடிவில் ஒட்டினால் பேச்சு தொங்கிக்கொண்டு நிற்கும். குரல் கொடுத்தவரைத் திரும்ப வரவழைத்து ஒரு வரியைப் புதிதாகச் சொல்லவைப்பது அரை மணி நேர வேலை.

ஒலியின் வேகத்தை 115 சதவீதம் ஆக்குவது அதைவிடக் கெடுதல். தமிழுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பு அந்த வினைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ‘புளிக்கும்’, ‘புளிக்காது’ இரண்டுக்கும் முதல் பாதி ஒன்றே. வித்தியாசம் அந்த ‘கா’ என்ற நெடிலில் இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் நெடில் குறிலாகித் தேயும். அதோடு வரியின் வாலில் 6 ஃபிரேம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வெட்டுவதும், அதே நொடியில் ஜிங்கிள் எழும்புவதும் சேர்ந்துவிட்டால் காதில் நிற்பது ‘புளி’ மட்டும். காசு கொடுத்து ஊரெல்லாம் ‘இந்த மாவு புளி’ என்று சொன்ன கதை ஆகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சாதாரண தொலைக்காட்சியில், சத்தத்தைக் குறைத்து, பக்கத்து அறையிலிருந்து கேளுங்கள். ‘கா’ தெளிவாக விழுந்தால் சரி. விழாவிட்டால் இசையை அந்தச் சொல்லின் அடியில் 3, 4 டெசிபெல் இறக்குங்கள். குரலின் வேகத்தைத் தொடாதீர்கள்.

இதனால்தான் சிலர் ‘மூணாம் நாளும் புதுசு’ என்று மாற்றச் சொல்கிறார்கள். என் கருத்தில் அது எண்ணத்தை மழுக்கிவிடும். மக்கள் வாயில் இருக்கும் பயம் ‘புளிச்சிடும்’ என்பது. பதிலும் அதே சொல்லில் இருந்தால்தான் பூட்டுக்குச் சாவி பொருந்தும்.

மும்பையில் இந்தியில் வெட்டி முடித்த 15 விநாடிப் படத்துக்குத் தமிழ்க் குரல் ஏற்றும்போது இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். மூன்றாம் நாளும் புளிப்பு இல்லை என்ற பொருளில் இந்தியில் வரும் ‘தீஸ்ரே தின் பீ கட்டா நஹீ’ என்பது 8 அசை. அதில் மறுப்பு தனிச்சொல்லாக நிமிர்ந்து நிற்கிறது. தமிழில் ‘மூணாம் நாளும் புளிக்காது’ என்று நிறுத்தினால் அதுவும் 8-இல் வந்துவிடும், ஆனால் மறுப்பு கடைசிச் சொல்லுக்குள் மடிந்து கிடக்கும். அதே இடத்தில் இசை எழும்பும்படி இந்திக்காக அமைத்திருந்தால் தமிழுக்கு அது பொருந்தாது. இந்தி எடிட்டில் அந்த இடத்தில் 10 ஃபிரேம் தளர்வு விடச்சொல்லி முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட வேண்டும், எடிட்டை இறுதியாக்கிப் பூட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது.

இப்போது 375 ஃபிரேமையும் பங்கிடலாம். முதல் 40 ஃபிரேம், பெட்டியைத் திறந்து பாக்கெட்டை எடுத்து மேடையில் வைக்கும் கை. கதவு திறக்கும் ஓசை முதல் சில ஃபிரேமுக்குள் வரவேண்டும். இது வீடு, இது சமையலறை என்பதைக் கோலத்துக்குப் பதிலாக அந்த ஓசை சொல்லிவிடுகிறது. பாக்கெட்டின் முன்பக்கம் கேமராவைப் பார்க்கவேண்டும். யூடியூபில் 5 விநாடியில் தாண்டிப்போகும் வகையில் இதே படத்தைப் போட்டாலும் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். 25ஆவது ஃபிரேமில், கை இன்னும் திரையில் இருக்கும்போதே மாமியாரின் குரல் தொடங்குகிறது. 40-இல் அவர் முகம், 75-இல் வசனம் முடிவு, 80-இல் வெட்டு. குரலை முன்னே விட்டு முகத்தைப் பின்னே கொண்டுவரும் இந்த ஒரு தந்திரத்தில் மட்டும் அரை விநாடிக்கு மேல் மிச்சம். முகத்துக்கு மாறும்போது ‘முணுமுணுப்பது யார்’ என்ற கேள்வி ஏற்கெனவே எழுந்திருப்பதால் கண்ணும் உடனே அங்கே போய்விடும்.

80 முதல் 140 வரை சமையல். மாவு குழியில் விழுவதற்கு 35 ஃபிரேம், ஆவியோடு தட்டிலிருந்து இட்லி எழும்புவதற்கு 25. அதன் மேல் மருமகளின் குரல். முழுப் படத்தில் இதற்கு 5 விநாடி கொடுத்திருந்தோம். இட்லி எப்படி வேகிறது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை, மாவு விழுந்தது, இட்லி வந்தது என்றாலே போதும். 

140 முதல் 190 வரை மாமியாரின் முகம். இந்த 50 ஃபிரேமை யாரும் தொட அனுமதிக்காதீர்கள். வாயில் வைக்கிறார், மென்று நிறுத்துகிறார், ஏறத்தாழ 20 ஃபிரேமுக்கு ஒன்றுமே நடக்கவில்லை, பிறகு புருவம் ஏறுகிறது. நேரம் போதாமல் தவிக்கும் எடிட்டருக்கு அந்த 20 ஃபிரேம் காலி இடமாகத் தெரியும். அது காலி இடம் இல்லை. பார்க்கிறவர் தன் நாக்கில் புளிப்பை எதிர்பார்க்கும் நேரம் அது. அதை 8 ஆகக் குறைத்தால் புருவம் ஏறுவது வாயில் வைத்ததோடு ஒட்டிக்கொண்டு, ஒரு சாதாரண ‘நல்லாயிருக்கு’ பாவனையாகிவிடும். சந்தேகம் தீர்ந்த பாவனை வேறு, சுவை பிடித்த பாவனை வேறு. இரண்டையும் பிரிப்பது அந்த மௌனம் மட்டும்தான். இசையும் இங்கே ஒதுங்கவேண்டும்.

190 முதல் 230 வரை இரண்டாவது இட்லிக்குப் போகும் கை, மேலே அவர் குரல். 230 முதல் 275 வரை குளிர்சாதனப் பெட்டித் தட்டில் மடித்து வைத்த மீதிப் பாக்கெட், அதன் மேல் பின்னணிக் குரல் தொடங்குகிறது. 275 முதல் 375 வரை முழு 4 விநாடி பாக்கெட்டும் பெயரும். 15 விநாடியில் 4 விநாடியைக் கடைசிப் பாக்கெட்டுக்குக் கொடுப்பது அதிகம் என்று தோன்றலாம். அதைக் குறைக்க முடியாததற்குக் காரணம், எல்லாரும் மறந்துவிடும் ஒரு விஷயம்: நிபந்தனை வாசகம்.

‘மூணாம் நாளும் புளிக்காது’ என்ற கூற்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் உண்மை. மேடைமேல் விட்டால் நம் ஊர் வெயிலில் எந்த மாவிலும் நுண்ணுயிர்கள் அமிலத்தைப் பெருக்கிக்கொண்டே போகும், குளிர் அந்த வேகத்தைத்தான் அடக்குகிறது. ஆகவே நிபந்தனையைத் திரையில் எழுதவேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் வழிகாட்டுதல்படி, ஒரு ஃபிரேமில் ஒரு நிபந்தனை வாசகம்தான் இருக்கலாம், அது இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, வரிக்கு 4 விநாடிக்கு மேல் நிற்கவேண்டும். கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் வாசகமும் இருக்கவேண்டும் என்று 2022-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. 30 விநாடிப் படத்தில் இரண்டு வரி வாசகம் 8 விநாடிக்கு மேல் எங்கேயோ கீழே ஓடிக்கொண்டிருந்திருக்கும். விநாடி பாதியானாலும் வாசகத்தின் நேரம் பாதியாகாது. படிக்கிற கண்ணின் வேகம் மாறவில்லையே.

அதனால் வாசகத்தை ஒரே வரியாக்க வேண்டும்: ‘குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால்.’ அதை 230ஆவது ஃபிரேமில் ஏற்றி 375 வரை நிறுத்தினால் 145 ஃபிரேம், 5.8 விநாடி. கூற்று காதில் விழும் நேரமும் அதுவே. அந்த வாசகத்துக்குப் பின்னால் தெரிவதும் குளிர்சாதனப் பெட்டிதான். எழுத்து சொல்வதைப் படமும் சொன்னால், அதைப் படிக்காதவருக்கும் நிபந்தனை போய்ச் சேரும். முதல் ஷாட்டிலும் பாக்கெட் பெட்டியிலிருந்துதான் வருகிறது. அகல ஷாட் வேண்டும், அழகாக இருக்கும் என்று யாராவது முதல் ஷாட்டை மேடையிலிருந்தே தொடங்கச் சொன்னால் மறுக்கவேண்டிய காரணம் இது.

மூன்றாம் நாள் என்பதற்கு இதுவரை மாமியாரின் குரல் மட்டுமே சாட்சி. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்தக் கணு காணாமல் போகும். கைப்பேசியில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் நிறைய. 10 முதல் 50 வரையிலான ஃபிரேம்களில் ‘3ஆம் நாள்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது. முழுப் படத்திலிருந்து பழைய எழுத்துகள் ஒட்டிய பிரதியை எடுத்து வேலை செய்தால் இது முடியாது. எழுத்து எதுவும் இல்லாத சுத்தப் பிரதியையும், பேச்சு, இசை, ஓசை தனித்தனியாக இருக்கும் ஒலித் தடங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் உட்காரவேண்டும்.

இசைக்கு வருகிறேன். 30 விநாடி இசையின் நடுவை வெட்டி இரண்டு முனையையும் ஒட்டுவது சில சமயம் பொருந்தும், பல சமயம் தாளம் தடுக்கி விழும். காரணம் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் நாலு தட்டுக்கொண்ட ஒரு சுற்று 2 விநாடி. 30 விநாடிக்குச் சரியாக 15 சுற்று வரும், 15 விநாடிக்கோ ஏழரை. அந்த அரைச் சுற்று எங்கே வைத்தாலும் காதை இடிக்கும். 128 தட்டு வேகமென்றால் ஒரு சுற்று 1.875 விநாடி, 30-க்கு 16 சுற்று, 15-க்கு 8. 96 தட்டு என்றால் 12-உம் 6-உம். இரண்டு நீளமும் வேண்டும் என்று தெரிந்தால் இசையமைப்பவரிடம் முதல் நாளே இந்த இரண்டு வேகத்தில் ஒன்றைக் கேளுங்கள். ஏற்கெனவே 120-இல் முடிந்துவிட்டதென்றால், தனித்தனி ஒலித் தடங்கள் கையில் இருந்தால் தப்பிக்கலாம். மாமியாரின் மௌனத்தில் தாளவாத்தியங்களை முழுக்க நிறுத்திவிட்டு, கை இரண்டாம் இட்லிக்குப் போகும்போது புதுச் சுற்றைத் தொடங்கினால் அரைச் சுற்றுக் கோளாறு அந்த இடைவெளியில் மறைந்துவிடும்.

வாடிக்கையாளர், அதாவது மாவு கம்பெனிக்காரர் பக்கத்திலிருந்து ஒரு கோரிக்கை அநேகமாக வரும்: ‘சோடா சேர்க்காதது’ என்பதையும் ஒரு மூலையில் போடுங்கள். இடம் இருக்கிறதே என்பார்கள். ஃபிரேமில் இடம் இருக்கலாம். ஆனால் பாக்கெட் ஷாட்டில் ஏற்கெனவே பெயர், பின்னணிக் குரல், நிபந்தனை வாசகம் மூன்றும் ஓடுகின்றன. நாலாவதாக ஓர் எழுத்து ஏறினால் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும், காதில் விழும் ‘புளிக்காத’ அடிபட்டுப் போகும். வாதாடுவதைவிட இரண்டு பிரதி செய்து காட்டுவது மேல். விளம்பரத்தை முன்னே பின்னே பார்க்காத நாலைந்து பேருக்கு ஆளுக்கு ஒன்றாக, ஒரே ஒருமுறை போட்டுக்காட்டி, ‘என்ன சொல்றாங்க?’ என்று மட்டும் கேளுங்கள். ‘பிடிச்சுதா?’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். ‘மூணு நாளானாலும் புளிக்காதாம்’ என்று அவர்கள் வாயிலிருந்தே வந்தால் படம் நிற்கிறது. ‘நல்ல மாவாம்’ என்று வந்தால் விழுந்துவிட்டது.

இந்தச் சோதனைக்கு 30 விநாடிப் படத்தைப் பார்த்தவர்களை உட்காரவைப்பது வீண். அவர்கள் மனம் வெட்டிப்போட்ட துண்டுகளைத் தானாக நிரப்பிக்கொள்ளும். எடிட்டர், இயக்குநர், விளம்பர நிறுவனத்துக்காரர், வாடிக்கையாளர் என்று அறையில் இருக்கும் அத்தனை பேரும் அந்தக் கூட்டம்தான். 15 விநாடிப் படம் எல்லாருக்கும் புரிகிறது என்று அந்த அறையில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாவது இதனால்தான்.

படப்பிடிப்புக்கு முன்பே 15 வேண்டும் என்று தெரிந்துவிட்டால் இந்தச் சிரமத்தில் பாதி இல்லை. மாமியார் சாப்பிட்டுவிட்டு உண்மையாகவே “புளிக்கவே இல்லையே” என்று கேமராவைப் பார்க்காமல் சொல்லும் ஒரு டேக், டப்பா இல்லாமல் சந்தேக வசனம் சொல்லும் ஒரு டேக், பாக்கெட் பெட்டியிலிருந்து மேடைக்கு வருவதை ஒன்றரை விநாடிக்குள் முடிக்கும் ஒரு டேக். மூன்றும் சேர்ந்து அரை மணி நேரம் பிடிக்கும். ஸ்டோரிபோர்டிலேயே அந்த மூன்று கட்டங்களையும் வேறு நிற மையில் குறித்துவிட்டால் அன்றைய அவசரத்தில் விட்டுப்போகாது.

முடித்த கோப்பை அனுப்பும்முன் கடைசி ஃபிரேமைப் பாருங்கள். 375ஆவது ஃபிரேம் வரை பாக்கெட்டும் வாசகமும் முழு வெளிச்சத்தில் நிற்கவேண்டும். கறுப்புக்குள் மெல்ல மங்கவிட்டு முடிப்பது 30 விநாடியில் அழகு. இங்கே அந்த 15 ஃபிரேம் மங்கல், பெயரைப் படிக்கும் நேரத்திலிருந்துதான் போகும். ஒலியை மட்டும் படத்துக்குச் சில ஃபிரேம் முன்னதாக முடித்துவிடலாம். எத்தனை ஃபிரேம் என்பதைப் படம் போகும் சேனலிடமே கேட்டுக்கொள்ளவேண்டும், ஒவ்வொருவர் கணக்கும் ஒரு மாதிரி.